கடைசி மாத்திரைக்குப் பிறகும் தூங்கும் சுரப்பி

நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் வந்த குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நோட்டு இருக்கும். தினமும் காலையில் சிறுநீரைச் சோதித்துப் புரதம் எவ்வளவு போகிறது என்று அம்மாவோ அப்பாவோ அதில் எழுதிவைப்பார்கள். ‘இல்லை’, ‘லேசாக’, ‘1+’, ‘3+’ என்று ஒரு பத்தி. பக்கத்துப் பத்தியில் அன்று கொடுத்த பிரெட்னிசோலோன் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. அந்த இரண்டாவது பத்தியில் எழுத எதுவும் இல்லாமல் போகும் நாளுக்காகத்தான் குடும்பமே காத்திருக்கும். முகம் உப்பி, வயிறு பருத்து, எந்நேரமும் பசி என்று அழுத பிள்ளை பழைய பிள்ளையாகத் திரும்புவான் என்ற எதிர்பார்ப்பு அது.

மாத்திரை நின்றதும் பெரும்பாலான வீடுகளில் நோட்டில் மிஞ்சுவது சிறுநீர்க் கணக்கு மட்டும்தான். அடுத்த சில மாதங்களுக்கு அந்தக் குழந்தையின் உடலில் ஒரு குறை மறைந்து கிடக்கலாம் என்பதோ, சாதாரணக் காய்ச்சலும் வாந்தியும் அவனை வேறு விதமாகத் தாக்கக்கூடும் என்பதோ பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோமில் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்திலிருக்கும் புரதம் சிறுநீரில் கசிந்து போகும். காலையில் எழுந்ததும் கண்ணிமை வீங்கியிருப்பதுதான் பல பெற்றோர் முதலில் பார்க்கும் அடையாளம். குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கம் 2021-ல் புதுப்பித்த வழிகாட்டலின்படி, நோய் முதன்முறை வரும்போது எடையில் கிலோவுக்கு 2 மி.கி. பிரெட்னிசோலோன் ஆறு வாரம் தினமும் தரப்படுகிறது. பிறகு கிலோவுக்கு 1.5 மி.கி. என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு வாரம் கொடுத்து நிறுத்துகிறார்கள். அத்தோடு முடிந்துவிட்டால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் நோய் திரும்பத் திரும்ப வரும் குழந்தைகள் ஏராளம். ஒவ்வொரு முறையும் மறுபடி 2 மி.கி. என்று ஆரம்பிக்க வேண்டும். அடிக்கடி திரும்புகிறது என்றால் கிலோவுக்கு 0.5 முதல் 0.7 மி.கி. வரை, ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்வார்கள். ஸ்டீராய்டு உடலில் வேரூன்றிப்போவது இந்தக் குழந்தைகளிடம்தான்.

சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. விடிகாலையில் அதிகமாகவும் நள்ளிரவில் மிகக் குறைவாகவும் சுரப்பது அதன் வழக்கம். பட்டினி கிடக்கும்போது ரத்தச் சர்க்கரை விழாமல் காப்பதும், ரத்த அழுத்தம் தளராமல் பிடித்து நிறுத்துவதும் இதன் வேலை. காய்ச்சல், அடிபடுதல், அறுவை சிகிச்சை என்று உடல் நெருக்கடிக்குள் போகும்போது சுரப்பு பல மடங்கு கூடும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்று முடிவெடுப்பது மூளை. ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்ப, அது அட்ரினலைத் தட்டி எழுப்புகிறது.

வீட்டின் மேல்நிலைத் தொட்டிக்கு சென்சார் வைத்த மோட்டார் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடும். தினமும் லாரித் தண்ணீரை ஊற்றித் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருந்தால் சென்சார் மோட்டாரை ஓடவிடாது. மாதக்கணக்கில் ஓடாத மோட்டார் துருப்பிடித்து இறுகும். பிரெட்னிசோலோன் இந்த லாரித் தண்ணீர். கார்ட்டிசால் நிறைய இருக்கிறது என்று நினைத்து மூளை ஏ.சி.டி.எச்.-ஐ நிறுத்திவிடுகிறது. தட்டி எழுப்ப ஆளில்லாத அட்ரினல் மெல்லச் சுருங்குகிறது. லாரி வராமல் போன அன்றே மோட்டார் ஓடிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பாடத்தை மருத்துவம் உயிர்ப்பலி கொடுத்துத்தான் கற்றது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் தலைமையிலான மருத்துவர்கள், முடக்குவாதத்தால் நடக்க முடியாமலிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். சில நாட்களில் அவர் நடந்தார். 1950-ல் ஹென்ச், எட்வர்டு கெண்டல், தாடியஸ் ரைக்ஸ்டீன் மூவருக்கும் நோபல் பரிசு. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1952-ல், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வேறொரு செய்தி வந்தது. முடக்குவாதத்துக்காக மாதக்கணக்கில் கார்ட்டிசோன் எடுத்த ஒரு இளைஞர் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்த அழுத்தம் சரிந்து, எந்த வைத்தியத்துக்கும் மீளாமல் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். ஆறு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். எடை 20 கிலோ, உயரம் 115 சென்டிமீட்டர். எடையையும் உயரத்தையும் பெருக்கி, 3,600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அவனுடைய உடல் பரப்பு 0.8 சதுர மீட்டர் என்று வரும். குழந்தைகளின் ஹார்மோன் அளவுகளை மருத்துவர்கள் இந்தப் பரப்பை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நோயில்லாத நாளில் இவன் உடலுக்குத் தேவைப்படும் கார்ட்டிசால் ஏறக்குறைய 6 மி.கி. பிரெட்னிசோலோன் அதைவிட நான்கு மடங்கு வீரியமானது. ஆகவே 1.5 மி.கி. பிரெட்னிசோலோனே அவனுடைய ஒருநாள் தேவைக்குப் போதும். நோய் திரும்பும்போது அவனுக்குக் கொடுப்பதோ 40 மி.கி. உடல் தானே சுரப்பதைப்போல 25 மடங்குக்கும் மேல்.

நோய் அடங்கிய பிறகு 30 மி.கி. என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தருகிறார்கள். ஒருநாள் இடைவெளி விடுவதற்கும் மாத்திரையைக் காலையிலேயே கொடுக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. உடலின் சொந்தச் சுரப்பு காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால், அதோடு சேர்த்துக் கொடுத்தால் மூளை குழம்புவது குறைவு. இரவில் கொடுத்தால் விடிகாலைக்கான ஏ.சி.டி.எச். எழாமலே அமுங்கிவிடும். மாத்திரை இல்லாத நாளில் அட்ரினலுக்குக் கொஞ்சம் வேலை செய்ய வாய்ப்பு கிடைக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மறந்துபோய் ராத்திரி கொடுக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் கண்டிப்பது இதனால்தான்.

இனி இறக்கும் பாதை. 30 மி.கி.யிலிருந்து சில வாரங்களுக்கு ஒருமுறை குறைத்து 10 மி.கி.க்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பகுதியில் வேகத்தைத் தீர்மானிப்பது சிறுநீரகம். புரதம் மறுபடி கசியாமல் இருந்தால் குறைக்கலாம், கசிந்தால் நிற்க வேண்டும். அட்ரினல் இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை. ஏனென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 மி.கி. என்பது சராசரியாகத் தினம் 5 மி.கி. அது 20 மி.கி. கார்ட்டிசாலுக்குச் சமம், அதாவது பையனின் சொந்தத் தேவையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். 5 மி.கி.க்கு இறங்கினாலும் இன்னும் தேவைக்கு அதிகம்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் 2.5 மி.கி. என்ற நிலைக்கு வரும்போதுதான் வெளியிலிருந்து வருவது உடலின் தேவைக்குக் கீழே போகிறது. மூளை ‘குறைகிறதே’ என்று உணரத் தொடங்குவது அப்போதுதான்.

பெற்றோர் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ‘நாற்பதிலிருந்து இரண்டரைக்கு வந்தாயிற்று, இந்தத் துக்கடா மாத்திரையில் என்ன இருக்கிறது’ என்று கடைசி சில வாரங்களை விட்டுவிடுவார்கள். சுரப்பியைப் பொறுத்தவரை மிக முக்கியமானவை அந்தக் கடைசி வாரங்களே. பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துபோவது, முகம் உப்பியதைப் பார்த்த பாட்டி ‘போதும்டா இந்த விஷம்’ என்று பெட்டியைத் தூக்கி வைப்பது, நாட்டு மருந்துக்கு மாறும்போது இதைத் திடீரென்று நிறுத்துவது என்று நடைமுறையில் சறுக்கும் வழிகள் பல. சிரப் கொடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிரெட்னிசோலோன் சிரப் 5 மில்லியில் 5 மி.கி. என்றும், 5 மில்லியில் 15 மி.கி. என்றும் இரண்டு வீரியத்தில் கடைகளில் கிடைக்கிறது. பழைய பாட்டிலின் கணக்கைப் புதிய பாட்டிலுக்குப் போட்டால் அளவு மூன்று மடங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ மாறிவிடும். சத்தமில்லாமல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துபோவதும் திடீரென்று நிறுத்துவதற்கு ஏறத்தாழச் சமம்.

சில நாட்களோ ஒன்றிரண்டு வாரங்களோ மட்டும் ஸ்டீராய்டு எடுத்த குழந்தைக்கு இந்தப் படிப்படியான இறக்கம் பொதுவாகத் தேவைப்படாது. வீசிங்குக்காக ஐந்து நாள் கொடுத்த பிரெட்னிசோலோனை அப்படியே நிறுத்திவிடலாம். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் போகும்போதுதான் அட்ரினலைப் பற்றிய கவலை தொடங்குகிறது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு முதல்கட்டச் சிகிச்சையாகச் சில வாரங்கள் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிறுத்திய முதல் சில நாட்களில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே சுரப்பு அடங்கியிருந்தது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறினார்கள். சிலருக்கு 34 வாரம் வரை ஆனது. எவன் சீக்கிரம் தேறுவான், எவன் தாமதிப்பான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மாத்திரை நின்று இரண்டு மாதம் ஆகிறது. பையன் ஓடியாடுகிறான், பள்ளிக்குப் போகிறான், சிறுநீரில் புரதம் இல்லை. ஒருநாள் சாயங்காலம் வாந்தி. இரவுக்குள் நான்கு முறை வாந்தியும் இரண்டு முறை வயிற்றுப்போக்கும் ஆகிவிட்டன. தெருமுனை கிளினிக்கில் ‘வயிற்றுக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வாந்திக்கு சிரப்பும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் தருகிறார்கள். சோர்ந்து தூங்கிவிட்டான் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். விடிகாலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லிட்டு வியர்த்திருக்கிறது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மருத்துவமனையில் விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. சலைன் ஏற்றியும் ரத்த அழுத்தம் சரியாக ஏற மறுக்கிறது. இது ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் கதை அல்ல. அட்ரினல் நெருக்கடி குழந்தைகளுக்கு வரும் வழி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மற்ற குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலே சரியாகிவிடும் ஒரு வயிற்றுக் கோளாறு, கார்ட்டிசால் சுரக்க முடியாத குழந்தையை சில மணி நேரத்தில் சாய்த்துவிடுகிறது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் கிடப்பதால் விடியும்போது சர்க்கரை தரைதட்டுகிறது. சிறு பிள்ளைகளுக்கு வலிப்பாக வெளிப்படுவதும் உண்டு. நெருக்கடிக்கு முந்தைய அடையாளங்கள் இன்னும் மங்கலானவை. சாப்பாட்டில் விருப்பமின்மை, காரணமில்லாத களைப்பு, குமட்டல், வயிற்றுவலி, தலைவலி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, காலையில் எழுப்ப முடியாத சோம்பல். ஒவ்வொன்றுக்கும் வேறு பத்துக் காரணங்கள் இருக்கலாம் என்பதுதான் தொந்தரவு.

மருத்துவரும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று இதில் இருக்கிறது. அட்ரினல் சுரப்பியே அழிந்துபோகும் அடிசன் நோயில் தோல் கறுக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். மாணவப் பருவத்தில் எல்லா மருத்துவரும் மனப்பாடம் செய்த அடையாளங்கள் அவை. ஸ்டீராய்டால் அடங்கிப்போன சுரப்பியில் இவை வருவதில்லை. ஏ.சி.டி.எச். குறைந்திருப்பதால் தோல் கறுக்காது. உப்பைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வேறு வழியில் இயங்குவதால் பொட்டாசியமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாள் நன்றாக இருக்கிறது என்பதற்காக இந்த ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த நேரத்தில் உண்மையான துப்பு பெற்றோரின் வாயிலிருந்துதான் வர வேண்டும்: ‘டாக்டர், இவன் இரண்டு மாதம் முன்பு வரை ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தான்.’

இதைத் தடுக்கும் வழி கடினமானதல்ல. உடல் நெருக்கடியில் சுரக்கும் கூடுதல் கார்ட்டிசாலைச் சுரப்பியால் தர முடியாதபோது, அந்த சில நாட்களுக்கு நாமே வெளியிலிருந்து தருவது. மருத்துவர்கள் இதை ‘ஸ்ட்ரெஸ் டோஸ்’ என்பார்கள். பல நாடுகளில் பயன்படும் கணக்கு, ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 30 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன், நான்கு வேளையாகப் பிரித்து. நம் பையனுக்கு 30-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 24 மி.கி., வேளைக்கு 6 மி.கி. பிரெட்னிசோலோனாகத் தருவதென்றால் நான்கில் ஒரு பங்கு, அதாவது நாளுக்கு 6 மி.கி., காலையும் மாலையும் 3 மி.கி. மேலே சொன்ன இந்திய வழிகாட்டல் கிலோவுக்கு 0.3 முதல் 1 மி.கி. பிரெட்னிசோலோன் என்று சொல்கிறது. 20 கிலோவுக்கு அது 6 முதல் 20 மி.கி. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அவரவர் குழந்தைக்கான எண்ணை அந்தக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரே போட்டு, மாத்திரையை நிறுத்தும் நாளிலேயே நோட்டில் எழுதித் தர வேண்டும். நள்ளிரவில் வர்க்கமூலம் போட யாராலும் முடியாது.

எப்போது கொடுப்பது? 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், வாந்தி வயிற்றுப்போக்கு, படுத்தே கிடக்கவைக்கும் எந்த நோயும், எலும்பு முறிவு மாதிரியான பெரிய அடி. காய்ச்சலில்லாத மூக்கொழுகல், முழங்கால் சிராய்ப்பு, பரீட்சை பயம், விளையாட்டு தினம் இவற்றுக்குத் தேவையில்லை. காரணமில்லாமல் கூடுதல் டோஸ் கொடுத்துக்கொண்டே போனால் சுரப்பி விழிப்பது தள்ளிப்போகும். நோய் தணிந்ததும் கூடுதலை நிறுத்திவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இரண்டு மூன்று நாள் கொடுத்ததற்கு மறுபடி படிப்படியாக இறக்க வேண்டியதில்லை.

இன்னும் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு? தினமும் 40 மி.கி. எடுப்பவனுக்கு மாத்திரையின் அளவை மேலும் கூட்ட வேண்டிய அவசியமில்லை, அவன் எடுப்பதே நெருக்கடித் தேவையைவிடப் பல மடங்கு. ஆனால் மாத்திரையைத் தவறவிடக் கூடாது, வாந்தி வந்தால் ஊசி வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் 10 மி.கி. எடுப்பவன் கதை வேறு. அவனுடைய ‘இல்லாத நாளில்’ காய்ச்சல் வந்தால் கையில் ஒன்றுமே இல்லை. அன்றும் மாத்திரை வேண்டும். காய்ச்சல் தீரும்வரை தினமும் கொடுத்துவிட்டுப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளுக்குத் திரும்புவார்கள்.

வாந்திதான் எல்லாத் திட்டத்தையும் கவிழ்க்கும். மாத்திரை கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். அதையும் வாந்தி எடுத்தால் மூன்றாவது முறை முயன்று நேரத்தை வீணாக்கக் கூடாது. வாய்வழி மருந்து உடலுக்குள் போகவில்லை என்று அர்த்தம். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி வேண்டும். பிரிட்டன் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அட்டவணை அவசரத்துக்கு எளிமையானது: ஒரு வயதுக்குள் 25 மி.கி., ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 50 மி.கி., ஆறு வயது முதல் 100 மி.கி., தசையிலோ நரம்பிலோ. ஆறு வயதுப் பையனுக்கு அது ஒரு முழுக் குப்பி. 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் குப்பி ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட ஆஸ்துமாவுக்காகவும் ஒவ்வாமைக்காகவும் இருப்பில் இருப்பதுதான். சர்க்கரை குறைந்திருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி, 20 கிலோவுக்கு 40 மில்லி. ரத்த அழுத்தத்துக்கு சலைன். முதல் ஊசிக்குக் கார்ட்டிசால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு தடவை தேவையில்லாமல் போட்ட ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியால் குழந்தைக்குக் கேடு வருவது அரிது, தேவைப்பட்டும் போடாமல் விட்டால் உயிர் போகலாம்.

நெஃப்ரோட்டிக் குழந்தைகளின் பெற்றோரை ஒரு விஷயம் மேலும் குழப்புகிறது. சளி பிடித்தால் நோய் திரும்பும் என்பது இந்த நோயில் பழைய அனுபவம். சளி வரும்போது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதைச் சில நாட்களுக்குத் தினமும் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறதா என்று இலங்கையின் பேராதனையில் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. குறைகிறது என்றது அது. இந்திய ஆய்வும் அதையே சொன்னது. 2022-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் 365 குழந்தைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஆறு நாள் ஸ்டீராய்டும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவதில் வித்தியாசம் தெரியவில்லை. இதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது இயல்பு. ஆனால் அந்தக் கூடுதல் டோஸ் சிறுநீரகத்துக்காக. காய்ச்சலின்போது அட்ரினலுக்காகக் கொடுக்கும் கூடுதல் டோஸ் வேறு. முதலாவது பயனில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு இரண்டாவதைக் கைவிட்டால் விபரீதம்.

சுரப்பி விழித்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் பார்ப்பதுதான் முதல் வழி. முந்தைய 24 மணி நேரத்தில் பிரெட்னிசோலோன் கொடுத்திருக்கக் கூடாது. பல ஆய்வகக் கருவிகள் பிரெட்னிசோலோனையும் கார்ட்டிசால் என்று எண்ணிப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். சாயங்காலம் வசதிப்பட்ட நேரத்தில் எடுத்த ரத்தத்தில் எண் குறைவாக வந்தால் அதற்கும் அர்த்தமில்லை, சாயங்காலம் எல்லோருக்குமே அது குறைவுதான். பெரியவர்களுக்காக 2024-ல் ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பிச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலின்படி, டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி தேறிவிட்டது, 5-க்குக் கீழே என்றால் இன்னும் தூங்குகிறது, இடையில் என்றால் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். குழந்தை மருத்துவர்களும் ஏறத்தாழ இதே எல்லைகளையே மனதில் வைத்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, அரை மணி, ஒரு மணி நேரத்தில் கார்ட்டிசால் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார்கள்.

நம் பையனுக்கு 2.5 மி.கி. முடிகிற சமயத்தில் காலைக் கார்ட்டிசால் 3.8 என்று வருவதாகக் கொள்வோம். மருத்துவர் பிரெட்னிசோலோனை நிறுத்திவிட்டுக் காலையில் மட்டும் 5 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் தருகிறார். அது சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும் என்பதால் மறுநாள் விடிகாலையில் மூளைக்கு வெறுமை தெரியும், ஏ.சி.டி.எச். எழும். மூன்று மாதம் கழித்து 8.1. மாத்திரை நிற்கிறது, ஆனால் காய்ச்சல் விதி தொடர்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் 13. இந்த வரிசை 1965-ல் அமெரிக்காவின் கிரேபரும் லிடிலும் அவர்களுடைய சகாக்களும் கண்டறிந்ததோடு ஒத்துப்போகிறது. ஸ்டீராய்டு நின்ற பிறகு முதலில் பிட்யூட்டரி விழிக்கிறது. ஏ.சி.டி.எச். வழக்கத்தைவிட அதிகமாகவே எழுந்து தட்டிக்கொண்டிருக்கும்போதும் அட்ரினல் சில மாதங்கள் அசையாமல் கிடக்கிறது. முழுதாகத் தேற ஒன்பது மாதம் வரை ஆகலாம்.

மாத்திரை மட்டும் இதற்குக் காரணம் என்று நினைக்க வேண்டாம். 2002-ல் பிரிட்டனில் மருத்துவர்களிடம் நடத்திய விசாரிப்பில், ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு எடுத்த 28 குழந்தைகளுக்கு அட்ரினல் நெருக்கடி வந்தது தெரியவந்தது. ஏறத்தாழ எல்லோரும் ஃப்ளுட்டிகசோனை அதிக அளவில் எடுத்தவர்கள். வழக்கமான அளவில் இன்ஹேலர் எடுக்கும் பிள்ளையின் பெற்றோர் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது, ஆஸ்துமா அதைவிட ஆபத்தானது. நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாதது களிம்பு. டயபர் புண்ணுக்கும் படைக்கும் மருந்துச் சீட்டில்லாமலே கடையில் வாங்கும் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் இருக்கின்றன. குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. கைக்குழந்தையின் மெல்லிய தோலில், டயபருக்குள் மூடிய இடத்தில், மாதக்கணக்கில் தடவினால் அது ரத்தத்தில் கலந்து அட்ரினலை அடக்கிவிடும். கன்னம் உப்பி, கொழுகொழுவென்று இருக்கிறான் என்று எல்லோரும் கொஞ்சும் குழந்தையின் உயரம் மட்டும் ஏறாமல் நின்றிருந்தால், வீட்டிலுள்ள களிம்புக் குழாயைத் திருப்பி அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தும் நாளில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டியது அரைப் பக்கத்துக்கு மேல் வராது. குழந்தையின் பெயர், எடை, உயரம், உடல் பரப்பு. எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு காலம், எந்தத் தேதியில் நின்றது. காய்ச்சல் வந்தால் என்ன மருந்து, எத்தனை மி.கி., எத்தனை வேளை. இரண்டாவது வாந்திக்கும், எழுப்ப முடியாத மயக்கத்துக்கும், வலிப்புக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி எத்தனை மி.கி. சர்க்கரை உடனே பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. பல் பிடுங்குவதானாலும் குடலிறக்க அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருத்துவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். பொது மயக்கம் தொடங்கும்போது கிலோவுக்கு 2 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். கடந்த ஓராண்டுக்குள் இரண்டு வாரத்துக்கு மேல் அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்த குழந்தை என்றால், பரிசோதனை செய்து சுரப்பி தேறிவிட்டது என்று மருத்துவர் எழுதித் தரும்வரை இந்தப் பக்கம் நடப்பில் இருக்கும். பள்ளி ஆசிரியரிடமும், பிள்ளையை விடுமுறைக்கு அனுப்பும் தாத்தா பாட்டி வீட்டிலும் இதன் ஒரு நகல் இருக்க வேண்டும்.